சராசரியில் முந்தும் கார்டும் தடுமாறாமல் ஓடும் கார்டும்

கேள்வி: ஐயா, நான் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், பாலக்காட்டில் கல்லூரியில் படிக்கிறேன். ஓணச் சலுகை முடிவதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். நான் பார்த்த ஒரு மலையாள ரிவ்யூவில், நான் அதிகம் ஆடும் கேமுக்கு, 1080p அல்ட்ரா அமைப்பில், 8 ஜிபி கார்டுக்குச் சராசரி 112, 1% லோ 61 என்றும், 12 ஜிபி கார்டுக்குச் சராசரி 103, 1% லோ 82 என்றும் சார்ட் போட்டிருந்தார்கள். கோவையில் ஒரு கடையில் விசாரித்தபோது, முதல் கார்டுதான் வேகம், விலையும் 2,500 ரூபாய் குறைவு என்றார்கள். என்னிடம் இருப்பது ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, ஒரே குச்சியாக 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் ஃப்ரீசிங்க் மானிட்டர். எந்த எண்ணை நம்பி வாங்குவது?

பதில்: 12 ஜிபி கார்டை வாங்குங்கள். கடைக்காரர் சொன்ன எண் பொய்யல்ல. ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போகும் வேறுபாடு அந்த எண்ணில் இல்லை.

சராசரி என்பது ஓடிய நேரத்தில் கார்டு வரைந்த படங்களை, அதாவது பிரேம்களை, மொத்தமாக எண்ணி விநாடிகளால் வகுத்த கணக்கு. ஒவ்வொரு பிரேமும் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அது காட்டுவதில்லை. இரண்டு கார்டுகள் நூறு நூறு பிரேம்களை வரைகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, 99 பிரேம்களை 8 மில்லி விநாடிக்கு ஒன்றாக வரைந்துவிட்டு, ஒரே ஒரு பிரேமுக்கு 58 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 850 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே சராசரி ஏறக்குறைய 118. மற்றொன்று, நூறு பிரேம்களையும் சீராகப் பத்து மில்லி விநாடிக்கு ஒன்றாக வரைகிறது; சராசரி 100. சார்ட்டில் முதல் கார்டு வெற்றி பெறும். ஆனால் அதில் ஆடுபவருக்கு ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை திரை திக்கிவிட்டு நகரும்; இரண்டாவதில் அப்படி ஒன்றும் நேராது. 8 மில்லி விநாடிக்கும் 10 மில்லி விநாடிக்கும் உள்ள வித்தியாசத்தை மிகச் சிலரே உணர்வார்கள். 58 மில்லி விநாடித் தடங்கலை யாராயினும் உணர்வார்கள்.

இதனால்தான் எந்தச் சார்ட்டைப் பார்த்தாலும் விநாடிக்கு எத்தனை பிரேம்கள் என்று சொல்லும் எஃப்.பி.எஸ். எண்ணை மில்லி விநாடியாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும். உங்கள் சார்ட்டில் 112 என்பது 8.9 மில்லி விநாடி, 103 என்பது 9.7, இடைவெளி ஒரு மில்லி விநாடிகூட இல்லை. மிக மெதுவான ஒரு விழுக்காட்டுப் பிரேம்களின் வேகத்தைக் காட்டும் 1% லோவில் 61 என்பது 16.4 மில்லி விநாடி, 82 என்பது 12.2, இடைவெளி நான்கு மில்லி விநாடிக்கு மேல். சராசரியில் 8 ஜிபி கார்டுக்குக் கிடைக்கும் ஆதாயத்தைப் போல ஐந்து மடங்கை, மோசமான தருணங்களில் அது இழக்கிறது. சார்ட்டின் பட்டைகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதையும் ஒருமுறை பாருங்கள். 90 இலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு பட்டை மற்றதைவிட ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு நீளமாகத் தோன்றும். உண்மையான வேறுபாடோ நூற்றுக்கு ஒன்பதுதான்.

இனி, 1% லோ என்ற எண்ணை இரண்டு வழிகளில் கணக்கிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது சார்ட்டில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. 112 சராசரியில் ஒரு நிமிடம் ஓடினால் 6,720 பிரேம்கள் வரும். அவற்றில் மிக மெதுவான ஒரு விழுக்காடு சுமார் 67 பிரேம்கள். முதல் வழியில், பிரேம்களை மெதுவானதிலிருந்து வரிசைப்படுத்தி, அந்த 67-ஆவது பிரேம் எடுத்த நேரத்தை மட்டும் எஃப்.பி.எஸ். ஆக மாற்றிப் போடுவார்கள். அதைவிட மோசமான 66 பிரேம்கள் 20 மில்லி விநாடி எடுத்தனவா, 200 எடுத்தனவா என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது. இரண்டாவது வழியில் அந்த 67 பிரேம்களின் சராசரியைப் போடுவார்கள். பெரிய தடங்கல்கள் அதில் வந்து சேரும், எண்ணும் குறைவாக இருக்கும். ஆகவே ஒருவருடைய சார்ட்டில் உள்ள 1% லோவை மற்றொருவருடைய சார்ட்டில் உள்ளதோடு வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே சார்ட்டுக்குள் ஒப்பிடுவதே முறை. சிலர் 0.1% லோவும் போடுகிறார்கள். ஒரு நிமிட ஓட்டத்தில் அது ஆறேழு பிரேம்கள்தான். பின்னணியில் விண்டோஸ் ஏதோ ஒரு வேலையைச் செய்தாலே அந்த எண் மாறிவிடும். பல ஓட்டங்களை எடுத்து, எத்தனை எடுத்தோம் என்று சொல்பவருடைய 0.1% எண்ணை மட்டும் பொருட்படுத்தலாம்.

1% லோவும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. ஒரு பிரேம் 5 மில்லி விநாடி, அடுத்தது 15, மீண்டும் 5, மீண்டும் 15 என்று மாறி மாறி வந்தால் சராசரி 100, 1% லோ 67 என்று நல்ல பெயர் வாங்கிவிடும். ஆனால் ஆட்டம் முழுவதும் திரை நடுங்குவது போலவே இருக்கும். அதேபோல் முன்பு சொன்ன ஒரு நிமிட ஓட்டத்தின் 67 மெதுவான பிரேம்களும் ஒரு கதவு திறந்து புதிய இடம் ஏறும் ஒரே கணத்தில் குவிந்திருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிமிடம் முழுவதும் பரவியிருந்தால் ஆட முடியாது. இரண்டுக்கும் எண் ஒன்றாகவே இருக்கும். வரிசையைக் காட்டுவது பிரேம் நேரக் கோடு மட்டுமே. 2011-இல் ஸ்காட் வாசன் ‘தி டெக் ரிப்போர்ட்’ தளத்தில் விநாடிக்கு உள்ளே நடப்பதை அளக்க வேண்டும் என்று எழுதிய பிறகே இப்படிப்பட்ட அளவீடு பரவலாயிற்று. அந்தக் கோட்டைக் காட்டும் ரிவ்யூ கிடைத்தால், பட்டைச் சார்ட்டை விட்டுவிட்டு அதையே பாருங்கள்: கோடு தட்டையாக ஓடுகிறதா, முள் முள்ளாக எழும்புகிறதா, முட்கள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்று.

உங்கள் சார்ட்டுக்கு வருவோம். சராசரியில் முந்தும் கார்டு 1% லோவில் இவ்வளவு பின்தங்குவதற்கு நான் முதலில் சந்தேகப்படும் காரணம் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிவதுதான். கார்டின் நினைவகத்தில் இடமில்லாதபோது, சுவர், தரை போன்றவற்றின் மேல் போர்த்தப்படும் படங்களான டெக்ஸ்சர்கள் கணினியின் ரேமில் தங்கி, தேவைப்படும்போது பி.சி.ஐ.இ. இணைப்பு வழியாக வர வேண்டும். அந்த வழி கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. வந்து சேரும்வரை அந்தப் பிரேம் காத்து நிற்கிறது. இதை உறுதி செய்ய எளிய வழி, அதே ரிவ்யூவில் மீடியம் அமைப்புக்கான சார்ட்டைப் பார்ப்பது. அங்கே 8 ஜிபி கார்டின் 1% லோவும் சராசரிக்கு நெருக்கமாக வந்துவிட்டால் குறை நினைவகத்தில்தான். அப்படியானால் டெக்ஸ்சர் தரத்தை மட்டும் ஒரு படி குறைத்து அந்தக் கார்டையும் நிம்மதியாக ஓட்டலாம். 2,500 ரூபாய் மிச்சம் என்பதும் நியாயமான முடிவாகும். மீடியத்திலும் இடைவெளி அப்படியே இருந்தால் காரணம் வேறு. டிரைவரோ கேமோ காரணமாக இருக்கலாம். இன்னொன்று: சில கேம்கள் நினைவகம் போதாதபோது திக்காமல், சொல்லாமலே டெக்ஸ்சர்களை மங்கலாக்கிவிடும். அங்கே எண்கள் அழகாக இருக்கும், சுவரும் தரையும் மட்டும் குழம்பித் தெரியும். இதை எந்தச் சார்ட்டும் காட்டாது. காணொளியின் படத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

உங்கள் பி450 போர்டு இங்கே முக்கியமாகிறது. அதில் உள்ளது பி.சி.ஐ.இ. 3.0. இந்த விலையில் வரும் 8 ஜிபி கார்டுகளில் பல, அந்த இணைப்பின் பதினாறு தரவுப் பாதைகளில் எட்டு லேன்களை மட்டுமே பயன்படுத்துபவை. ரிவ்யூ செய்பவரின் புதிய போர்டில் 4.0 அல்லது 5.0 வேகத்தில் அது பெரிய குறையாகத் தெரியாது. உங்கள் போர்டில் அந்த வழியே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். நினைவகம் நிரம்பும் ஒவ்வொரு முறையும் சார்ட்டில் உள்ளதைவிட மோசமான தடங்கல் உங்களுக்கு வரக்கூடும். வாங்குமுன் கார்டின் விவரப் பக்கத்தில் x8 என்றிருக்கிறதா, x16 என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பிராசஸரையும் மறக்க வேண்டாம். கார்டுகளைச் சோதிப்பவர்கள், கார்டுகளுக்கு இடையிலான வேறுபாடு மறையக் கூடாது என்பதற்காக, கிடைப்பவற்றுள் மிக வேகமான பிராசஸரைப் பயன்படுத்துகிறார்கள். அது சரியான முறைதான். ஆனால் உங்கள் 3600 அந்தக் கேமில் விநாடிக்கு 90 பிரேம்களை மட்டுமே தயாரித்துக் கொடுக்குமானால், 112 தரக்கூடிய கார்டும் 103 தரக்கூடிய கார்டும் உங்கள் வீட்டில் 90-ஐ ஒட்டியே நிற்கும். கடைக்காரர் சொன்ன வேகம் அப்போது இருக்கவே இருக்காது. நினைவகத் தடங்கல் மட்டும் அப்படியே இருக்கும். உங்களுக்கு 12 ஜிபி கார்டை நான் தயங்காமல் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

ஒற்றைக் குச்சி ரேமும் உங்கள் 1% லோவைக் கீழே இழுக்கிறது. அது ஒற்றைச் சேனலில் ஓடுவதால் ரேம் தரவைக் கடத்தும் திறனில் பாதிதான் பிராசஸருக்குக் கிடைக்கிறது. அதே வேகத்தில், முடிந்தால் அதே மாடலில், இன்னொரு 16 ஜிபி வாங்கி, போர்டின் கையேடு சொல்லும் இரண்டு துளைகளில் பொருத்தி, பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் XMP அல்லது DOCP இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க் உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். பல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் அது 48 முதல் 144 வரை வேலை செய்கிறது. 110-க்கும் 80-க்கும் இடையே ஏறி இறங்குவதை அது கண்ணுக்குத் தெரியாமல் மென்மையாக்கிவிடும். ஆனால் 9 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பிரேம் திடீரென 50 எடுத்துக்கொண்டால் அதை எந்த மானிட்டரும் மறைக்காது. பிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த எண்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே வேண்டாம். இடையில் செருகப்படும் பிரேம்களால் திரை எண் கூடும். மவுஸை நகர்த்தியதும் கேம் பதில் தரும் வேகம் அதிகரிக்காது.

கார்டு வந்ததும், பிரேம் நேரத்தைப் பதிவு செய்யும் CapFrameX என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேமில் ஒரே பாதையில் ஒரு நிமிடம் நடந்து பதிவு செய்யுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் மட்டும் திக்கல் வந்து அடுத்தவற்றில் மறைந்தால், அது பெரும்பாலும் ஷேடர்கள் எனப்படும் கார்டுக்கான சிறு நிரல்கள் முதன்முறையாகத் தொகுக்கப்படுவதால் வருவது, கார்டின் குறையல்ல. மூன்றிலும் ஒரே இடத்தில் முள் எழும்பினால், அந்த நேரத்தில் கார்டின் நினைவகப் பயன்பாடு எவ்வளவு என்று MSI Afterburner என்ற மென்பொருளில் பாருங்கள். வேலந்தாவளம் வழியே கோவைக்குப் போய் பில் போடும்முன், திறந்த பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாட்களுக்குள் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, பில்லின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஓட்டங்களையும் அந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.