போர்ட் பிளேர் போய்த் திரும்பினால் எட்டு நானோநொடி

கேள்வி: என் மகள் விமானத்தில் கேபின் க்ரூவாக இருக்கிறாள். "வேகமா போறவங்களுக்கு வயசு மெதுவாத்தான்மா ஏறும், ஐன்ஸ்டைனே சொல்லியிருக்காரு. ரிட்டயர் ஆகும்போது பாரு, கூடப் படிச்சவங்களைவிட நான் சின்னவளா இருப்பேன்" என்கிறாள். கிண்டலா, நிஜமா? நிஜம் என்றால் எவ்வளவு குறையும்? — ஒரு வாசகி, திருச்சி

ஐன்ஸ்டைன் சொன்னது நிஜம். உங்கள் மகள் போட்ட கணக்குதான் தப்பு. முப்பது வருடம் பறந்து ஓய்வு பெறும்போது அவர் தோழிகளைவிட இளையவராக இருக்க மாட்டார், ஒரு துளி மூத்தவராக இருப்பார். வேகம் வயதைக் குறைப்பது உண்மைதான். ஆனால் விமானம் வேகமாக மட்டுமா போகிறது? உயரத்திலும் போகிறது. அந்த உயரம்தான் கணக்கைக் கவிழ்க்கிறது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஒரு ரயில் பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒளிக்கீற்று மேலும் கீழும் போய் வருகிறது. ஒரு முறை போய் வந்தால் ஒரு 'டிக்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒளி நேர் மேலே போய் நேர் கீழே வருகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவர் பார்த்தால் அப்படி இல்லை. ஒளி கூரையைத் தொடுவதற்குள் ரயில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் அது சாய்கோட்டில் போகிறது, அதாவது அதிகத் தூரம் போகிறது. பந்தாக இருந்தால் ரயிலின் வேகமும் அதோடு சேர்ந்து, அந்த அதிகத் தூரம் சரிக்கட்டப்பட்டுவிடும். ஒளிக்கு அந்தச் சலுகை கிடையாது. யார் அளந்தாலும் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 30 கோடி மீட்டர்தான். தூரம் கூடி, வேகம் கூடவில்லை என்றால் நேரம்தான் கூட வேண்டும். ஆகவே பிளாட்பாரத்துக்காரர் கணக்கில் ரயிலுக்குள் ஒரு 'டிக்' தாமதமாக விழுகிறது.

"கண்ணாடிக் கடிகாரம் மெதுவாகப் போனால் என் உடம்புக்கு என்ன?" என்று நான் வகுப்பு எடுத்த காலத்தில் வருடம் தவறாமல் ஒரு பையன் கேட்பான். நியாயமான கேள்விதான். ஒளிக்கடிகாரம் மட்டும் மெதுவாகி, பயணியின் நாடித்துடிப்பு பழையபடியே இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டே அவர் "ரயில் ஓடுகிறது" என்று கண்டுபிடித்துவிடுவார். சீரான வேகத்தில் போகும் பெட்டிக்குள் ஜன்னலை மூடிவிட்டால் எந்தச் சோதனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே நாடி, நகம் வளர்வது, நரை விழுவது எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு சேர்ந்தே மெதுவாகின்றன. உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

இது எவ்வளவு? வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, அதை இரு மடி ஆக்கி, பாதியாக்கினால் போதும். மணிக்கு 900 கி.மீ. போகும் விமானம் நொடிக்கு 250 மீட்டர் போகிறது. ஒளியின் வேகத்தில் 12 லட்சத்தில் ஒரு பங்கு. இரு மடி ஆக்கிப் பாதியாக்கும்போது அது இன்னும் சுருங்கிவிடுகிறது. வேகத்தை மட்டும் நம்பி ஒரே ஒரு நொடி இளமையாக வேண்டும் என்றால் சுமார் 91,000 ஆண்டுகள் இறங்காமல் பறக்க வேண்டும்.

இனி உயரம். ஈர்ப்பு விசையின் ஆழத்தில் இருக்கும் கடிகாரம் மெதுவாகவும், மேலே இருப்பது வேகமாகவும் ஓடும். இதுவும் ஐன்ஸ்டைன் சொன்னதுதான், பொதுச் சார்பியலில். 2010இல் அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வகத்தில் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 செ.மீ. உயர்த்தி வைத்து, அது வேகமாக ஓடுவதை அளந்தே காட்டினார்கள். ஏறக்குறைய இரண்டு மாடிப்படி உயரம்! விமானமோ 10 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. அங்கே உயரத்தால் மட்டும் 29,000 ஆண்டுகளில் ஒரு நொடி கூடுதலாக வயதாகும். வேகம் ஒரு நொடி மிச்சப்படுத்துவதற்குள் உயரம் மூன்று நொடி வாங்கிவிடுகிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 1971 அக்டோபரில் ஹாஃபலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி, ஒரு முறை கிழக்குப் பக்கமாகவும் ஒரு முறை மேற்குப் பக்கமாகவும் உலகைச் சுற்றி வந்தார்கள். திரும்பி வந்து அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே போனவை 59 நானோநொடி பின்தங்கியிருந்தன. மேற்கே போனவை 273 நானோநொடி முந்தியிருந்தன. நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கோட்பாடு முன்கூட்டியே சொன்னது 40 பின்னடைவு, 275 முன்னேற்றம். கிழக்குக் கணக்கில் இடிக்கிறதே என்றால், கோட்பாட்டுக் கணக்கிலேயே 23 நானோநொடி வரை கூடக் குறைய இடமிருந்தது. விமானங்களின் உயரமும் வேகமும் வழிநெடுக மாறிக்கொண்டே இருந்தன அல்லவா? தவிர, தனியொரு சீசியம் கடிகாரம் தானாகவே கொஞ்சம் தடம் மாறும். அதனால்தான் ஒன்றுக்கு நான்காக எடுத்துப் போய், ஒன்றை மற்றொன்றால் திருத்திக்கொண்டார்கள்.

ஒரே வேகம், ஏறக்குறைய ஒரே உயரம். பிறகு திசையால் என்ன வித்தியாசம்? தரையில் நிற்பவர் சும்மா நிற்கவில்லை என்பதுதான் விஷயம். பூமி சுழல்வதால் சென்னை விமான நிலையம் ஓடுதளத்தோடும் டாக்சி ஸ்டாண்டோடும் மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கில் வேகத்தைச் சுழலாத பூமி மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் கிழக்கே பறக்கும் விமானத்தின் வேகம் 2,530. மேற்கே பறப்பதாக நாம் நினைக்கும் விமானம் உண்மையில் 730 கி.மீ. வேகத்தில் கிழக்கேதான் போகிறது, ஊரைவிட மெதுவாக! அதில் இருப்பவருக்கு வேகமும் எதிராக வேலை செய்கிறது, உயரமும் எதிராக வேலை செய்கிறது.

சென்னை–போர்ட் பிளேர் வழியை எடுத்துக்கொள்வோம் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பழக்கத்தில் பழைய பெயரே வருகிறது). ஏறக்குறைய நேர் கிழக்கு, 1,350 கி.மீ., 900 கி.மீ. வேகத்தில் ஒன்றரை மணி நேரம். ஏறுவது இறங்குவதை விட்டுவிடலாம். போகும்போது வேகம் சுமார் 8.7 நானோநொடி மிச்சப்படுத்துகிறது, உயரம் 5.9 எடுத்துக்கொள்கிறது. அந்தமானில் இறங்கும்போது உங்கள் மகள் 2.8 நானோநொடி இளமை. திரும்பும்போது வேகத்தால் 4.9, உயரத்தால் 5.9, ஆக 10.8 நானோநொடி முதுமை. போய் வந்த கணக்கில் 8 நானோநொடி மூத்துத் திரும்புகிறார். வருடத்துக்கு 900 மணி நேரம், கிழக்கும் மேற்கும் சரிபாதி, 30 ஆண்டுகள் என்று போட்டால் மொத்தம் ஒரு நொடியில் சுமார் 14,000இல் ஒரு பங்கு. இரவு டியூட்டியும் கெட்ட தூக்கமும் முகத்தில் காட்டும் வயதுக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

அப்படியானால் வேகத்தால் நிஜமாகவே இளமையாகத் திரும்பியவர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் நொடிக்கு 7.7 கி.மீ. போகிறது, ஆனால் உயரம் 400 கி.மீ. அளவுதான். அங்கே வேகம் ஜெயிக்கிறது. ஆறு மாதம் தங்கி வருபவர் 0.005 நொடி அளவுக்கு இளையவராக இறங்குகிறார். மொத்தம் 1,111 நாள் விண்வெளியில் கழித்த ரஷ்யாவின் ஒலெக் கொனோனென்கோவுக்கே மிச்சம் 0.03 நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

கடிகாரங்களை விட்டு, ஆயுள் என்ற ஒன்று உள்ள பொருளிலேயே இதைப் பார்க்க முடியும். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கி.மீ. உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளிக்கு நிகரான வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். அந்தக் கணக்குப்படி 700 கோடியில் ஒன்றுதான் தரைக்கு வந்து சேர வேண்டும். ஆனால் இப்போது நீங்கள் உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றிரண்டு அதன் வழியே போகின்றன. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் இவற்றைத்தான் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்தில் வரும் மியூவானின் ஆயுள் நம் கடிகாரத்தில் 22 மடங்கு நீள்வதால், மூன்றில் ஒன்றுக்கு மேல் தப்பித்து வந்துவிடுகிறது.

ஆனால் அந்த மியூவானைக் கேட்டால் "நான் வாழ்ந்தது அதே 2.2தான்" என்றுதான் சொல்லும். மனிதருக்கும் அப்படியே. வேகமாகப் போனால் கூடுதலாக ஒரு வேளை சோறுகூடச் சாப்பிடக் கிடைக்காது. திரும்பி வரும்போது ஊரில் இருப்பவர்களுக்கு அதிக வயதாகியிருக்கும், அவ்வளவுதான்.

தோழிகளுக்கு இரண்டு வயது ஏறும்போது தனக்கு ஒன்றுதான் ஏற வேண்டும் என்று உங்கள் மகள் ஆசைப்பட்டால், நொடிக்கு 2.6 லட்சம் கி.மீ. வேகம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை மட்டும், விமானம்கூட இல்லாமல், அந்த வேகத்துக்குக் கொண்டுபோக 1.5 லட்சம் கோடி யூனிட் மின்சாரம் ஆகும். இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாவது இதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பிறகு அவரை நிறுத்த வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவந்து மீனம்பாக்கத்தில் இறக்க வேண்டும். அந்த பில் தனி.