விளையாட்டுப் போட்டியில் மயங்கிய மாணவன்: அறிக்கையை மாற்றி எழுதலாமா?

கேள்வி: நான் திருகோணமலையில் ஒரு அரச பாடசாலையில் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓடிய 15 வயது மாணவன் கடைசிச் சுற்றில் விழுந்துவிட்டான். அன்று பின்னேரமே அதிபருக்கு அறிக்கை கொடுத்தேன்: 10.05க்கு விழுந்தான், வலிப்பு, மூச்சு இருந்தது, உடனடியாக முதலுதவி, 10.10க்கு அம்புலன்ஸுக்கு அழைப்பு, 10.28க்கு அம்புலன்ஸ் வந்தது. இப்போது என் தொலைபேசியைப் பார்த்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்த அழைப்பு 10.16 என்று இருக்கிறது. முதலில் ஓட்டோ பிடிக்கத்தான் ஓடித்திரிந்தோம். பிள்ளை தப்பிவிட்டான், ஆனால் பேச்சு இன்னும் தெளிவில்லை. பெற்றோர் வழக்குப் போடப் போகிறார்களாம். பேஸ்புக்கில் என்னைக் கொலைகாரன் என்று எழுதுகிறார்கள். அதிபரோ பழையதைக் கிழித்துவிட்டு, நேரங்களைச் சரிசெய்து புதிதாக எழுதித் தரச் சொல்கிறார். இத்தனை வருட உழைப்புக்கு இதுதானா பலன்?

பதில்:

பேஸ்புக்கை விடுங்கள். உழைப்புக்குக் கிடைத்த பலனையும் நீதிமன்றம் கேட்காது. அது கேட்கப்போவது, 10.10 என்ற நேரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தொலைபேசியைப் பார்த்து எழுதினீர்களா, ஒலிபெருக்கிக்காரர் சொன்னதா, நினைவில் குத்துமதிப்பாக வந்ததா? இதற்கு நேர்மையான பதில் இருந்தால் ஆறு நிமிடப் பிழையை விளங்கப்படுத்தலாம். அறிக்கையை மாற்றி எழுதிவிட்டால் விளங்கப்படுத்த எதுவும் மிஞ்சாது.

பழைய அறிக்கையைக் கிழிக்க விடாதீர்கள். அதன் ஒரு பிரதி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும். சம்பவத் திரட்டிலும் அதைப் பார்த்து யாராவது பதிந்திருப்பார்கள். ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் அதன் படம் கிடக்காது என்று அடித்துச் சொல்ல உங்களால் முடியுமா? பாடசாலை அரச பாடசாலை என்பதால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்றோரே பிரதி கேட்கலாம். இரண்டு அறிக்கைகளும் எதிர்ச் சட்டத்தரணியின் கைக்கு வந்தால், குறுக்கு விசாரணையில் அவர் முதலுதவி பற்றிக் கேட்கவே மாட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று மட்டும் கேட்பார். அதோடு, வழக்கில் பயன்படட்டும் என்று தெரிந்தே பொய் ஆவணம் உருவாக்குவது தண்டனைச் சட்டக்கோவையின் 189ஆம் பிரிவில் தனிக் குற்றம். கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பியவர் இதில் மாட்டிக்கொள்வார். கையொப்பம் உங்களுடையது, அதிபருடையது அல்ல.

பிழையோடு இருந்தாலும் அன்றைய அறிக்கை உங்களுக்கு உதவும். சம்பவம் நடந்த உடனே நீங்களே எழுதியது என்பதால், சாட்சிக்கூண்டில் நினைவைப் புதுப்பிக்க அதைப் பார்க்கலாம் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் தருகிறது. வாரங்கள் கழித்து அதிபரின் மேசையில் எழுதியதற்கு அந்தப் பெறுமதி கிடையாது.

செய்ய வேண்டியது, இன்றைய திகதியிட்டு ஒரு மேலதிக அறிக்கை. பழையதைக் குறிப்பிட்டு, எந்த நேரம் பிழை, எதைப் பார்த்துத் திருத்துகிறீர்கள், ஏன் முதலில் பிழைத்தது என்று மூன்றையும் எழுதுங்கள். அழைப்புப் பட்டியலில் 1990க்கான அழைப்பின் நேரமும் பேசிய நேர அளவும் தெரியும்படி இன்றே படம் எடுத்து இணையுங்கள். பழைய அழைப்புகள் பட்டியலிலிருந்து தானாக அழிந்துபோகும். தொலைபேசியை மாற்றினால் எல்லாமே போய்விடும்.

விழுந்த நேரத்துக்கும் ஆதாரம் தேடுங்கள். நேரக் காப்பாளரின் தாளில் ஓட்ட நேரம்தான் இருக்கும், மணி இருக்காது. பெற்றோர் யாராவது ஓட்டத்தை வீடியோ எடுத்திருந்தால், எடுத்த தொலைபேசியிலுள்ள மூலக் கோப்பைக் கேளுங்கள். பல ஆண்ட்ரொயிட் தொலைபேசிகளில் கோப்பின் பெயர் VID_20250228_100412 என்பது போல இருக்கும். கடைசி ஆறு இலக்கங்கள் மணி, நிமிடம், செக்கன். அந்த வீடியோவில் 1 நிமிடம் 50ஆவது செக்கனில் பிள்ளை விழுகிறான் என்றால், விழுந்த நேரம் 10.06. வட்ஸ்அப்பில் வந்த பிரதியில் இந்தப் பெயர் மாறிவிடும், அது உதவாது.

வீடியோ இப்படிக் காட்டினால் விழுந்தது 10.06, அழைத்தது 10.16. பத்து நிமிடம். அழைப்பிலிருந்து 12 நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் குறை சொல்ல இடமில்லை, முயலவும் வேண்டாம். 1990க்கு வரும் அழைப்பின் பதிவு அவர்களிடமும் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஓட்டோ தேடினீர்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். யார் போனார்கள், எந்த வாசலுக்கு, அந்த நேரம் பிள்ளையின் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேருங்கள். விளக்கம் இருக்கும் தாமதத்தை நீதவான் எடைபோடுவார். வெற்றாக விட்ட பத்து நிமிடத்தை எதிர்த்தரப்பு தன் விருப்பப்படி நிரப்பும்.

நேரத்தைவிட எனக்குப் பயமூட்டுவது "வலிப்பு, மூச்சு இருந்தது" என்ற சொற்கள். பயிற்றுவிப்பாளர்கள் அதிகம் அகப்படுவது இங்கேதான். இதயம் திடீரென்று நின்றவரின் கைகால்கள் சிறிது நேரம் உதறலாம். இடையிடையே வாயைப் பிளந்து இழுக்கவும் செய்வார். பார்ப்பவருக்கு அது வலிப்பும் மூச்சுமாகத் தெரியும். உண்மையில் அது மூச்சல்ல. உடனே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை நெஞ்சை அழுத்த வேண்டிய கட்டம். அந்த இரண்டு சொற்களையும் வைத்து, "மூச்சு இருந்தது என்று நினைத்து நெஞ்சை அழுத்தாமல் விட்டீர்களா?" என்று கேட்பார்கள். நோயின் பெயர் சொல்வது வைத்தியரின் வேலை. மேலதிக அறிக்கையில் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை தடவை இழுத்தான், கூப்பிட்டதற்குக் கண் திறந்தானா, உடம்பு சுட்டதா, தண்ணீர் ஊற்றினீர்களா, நெஞ்சை அழுத்தினீர்களா, யார் அழுத்தினார். அழுத்தவில்லை என்றால் அழுத்தியதாக எழுத வேண்டாம். "உடனடியாக" என்ற சொல்லையும் தவிருங்கள், அதை யாராலும் அளக்க முடியாது.

பொலிஸார் வாக்குமூலத்துக்கு அழைத்தால் இரண்டு அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். அதற்கு முன் ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள், ஏனெனில் கவனக்குறைவால் கடுங்காயம் என்ற தண்டனைச் சட்டக்கோவையின் 329ஆம் பிரிவு வரை போக இடமிருக்கிறது.

இனி வழக்கு. பத்து நிமிடம் தாமதம், மைதானத்தில் முதலுதவிக் குழு இருந்ததாக நீங்கள் சொல்லவும் இல்லை. இந்த நிலையில் கடைசி வரை போராடச் சொல்ல மாட்டேன், சமாதானமாகப் போங்கள். தாமதம்தான் பேச்சைப் பாதித்தது என்று பெற்றோர் நிரூபிக்க வேண்டும், அது இலேசல்ல. ஆனால் அது முடிவாகும்வரை வருடக்கணக்கில் நீங்களும் அலைவீர்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்றாலும் வெளியே எடுத்த ஸ்கேன், பேச்சுப் பயிற்சி, போக்குவரத்து என்று அவர்களுக்குச் செலவு இருக்கும். அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் போட்டுக் கூட்டக் குறிப்பில் பதிந்து கொடுக்கட்டும். நீங்கள் தனியாக உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். பேச்சுவார்த்தைக் கடிதத்தில், இது சாட்சியமாகப் பயன்படுத்தப்படக் கூடாது என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுத வேண்டும். சிவில் வழக்கில் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைக் காக்கும், குற்றவியல் வழக்கில் காக்காது.

பெற்றோர் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதித் தந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம், ஆனால் வயது குறைந்தவருக்கு 18 வயது வரை அந்தக் கணக்குத் தொடங்காது. பிள்ளையின் சொந்த உரிமையைப் பெற்றோரின் கையொப்பம் முழுதாகக் கட்டாது. ஆகவே இணக்கத்தை மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு செய்து, அந்தக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை அவனுக்கு 20 வயது முடியும்வரை வைத்திருங்கள்.