ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை உண்டா?

"அண்ணா, வணக்கம். சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை 'எவ்ரி அதர் டே' போடச் சொன்னார்கள். என் மனைவி அதை வாரம் இரண்டு முறை என்று புரிந்துகொண்டிருக்கிறாள். மகனின் சிறப்பு வகுப்பு 'ஃபோர்ட்நைட்லி' என்றும், ஏர்கான் பராமரிப்பு 'பைமன்த்லி' என்றும் எழுதியிருக்கிறது. விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் சொல்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் ஆங்கிலம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்றும் கூச்சமாக இருக்கிறது."

தம்பிக்கு வணக்கம். கூச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் மூன்று சொற்களில் 'பைமன்த்லி' என்பதற்கு ஆங்கில அகராதிகளே மாதம் இருமுறை, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை என இரு பொருளையும் தருகின்றன. அந்தச் சொல்லை எழுதியவரிடம் நீங்கள் விளக்கம் கேட்டால், அது அவர் எழுத்தில் உள்ள குறையைக் கேட்பதாகுமே தவிர உங்கள் ஆங்கிலத்தின் குறையாகாது. மற்ற இரண்டும் கேட்கும்போது தெளிவாகத் தோன்றி, வாரத்தின் இறுதியிலோ மாதத்தின் இறுதியிலோ விடுமுறையிலோ குழப்புகிறவை.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். 'எவ்ரி அதர் டே' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். திங்களன்று தொடங்கினால் புதன், வெள்ளி, ஞாயிறு, அதன்பின் செவ்வாய், வியாழன், சனி என்று அது ஓடும். ஒரு வாரத்தில் நான்கு மாத்திரை, அடுத்த வாரத்தில் மூன்று என்று 14 நாளில் 7 ஆகிறது. வாரம் இருமுறை என்றால் அதே 14 நாளில் நான்குதான் வரும். எனவே உங்கள் மனைவி புரிந்துகொண்டபடி கொடுத்தால் அம்மாவுக்குப் பாதிக்குச் சற்றே மேல்தான் மருந்து போய்ச் சேரும். மூன்றாவதாக ஒரு வழக்கமும் உண்டு. நினைவில் வைக்க எளிது என்பதற்காகச் சில மருத்துவர்களும் மருந்தாளர்களும் திங்கள், புதன், வெள்ளி என்று கிழமையைக் குறித்தே சொல்லிவிடுவார்கள். அப்போது 14 நாளில் 6 வரும், சனியும் ஞாயிறும் எப்போதும் ஓய்வு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், திங்கள், புதன், வெள்ளி வரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதும் கிழமைக் கணக்கும் ஒன்றுபோலவே இருக்கும். "அடுத்த மூன்று மாத்திரை எப்போது?" என்று நீங்கள் கேட்டு, அவர் "திங்கள், புதன், வெள்ளி" என்று பதில் சொன்னால், உறுதி செய்துகொண்டதாக நினைப்பீர்கள், ஆனால் எதுவும் உறுதியாகியிருக்காது. இரண்டு பொருளும் பிரிகிற இடத்தைத்தான் கேட்க வேண்டும். இங்கே அந்த இடம் ஞாயிற்றுக்கிழமை. "வெள்ளிக்குப் பிறகு அடுத்தது ஞாயிறா, திங்களா?" என்ற ஒரு கேள்வியில் விடை வந்துவிடும்.

மருந்தகத்திற்கு மறுபடி போகாமலே சரிபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. கொடுத்த மாத்திரைகளை எண்ணுங்கள், அடுத்த சந்திப்பு எத்தனை வாரம் கழித்து என்றும் பாருங்கள். எட்டு வாரம் என்றால் 56 நாள். ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு 28 மாத்திரை தேவை, திங்கள், புதன், வெள்ளிக்கு 24, வாரம் இருமுறைக்கு 16. உறையில் 28 இருந்தால் மருத்துவர் எண்ணியது எதுவென்று ஊகிக்கலாம். ஆனால் பத்துப் பத்தாக வரும் அட்டையை முழுதாகவே கொடுத்துவிட்டால் 30 இருக்கும், சில நேரம் அடுத்த சந்திப்புக்குப் பிறகும் தேவைப்படும் என்று கூடுதலாகவும் தருவார்கள். எனவே இந்த எண்ணிக்கை ஒரு சந்தேகத்தை எழுப்பவோ தணிக்கவோ உதவும். முடிவான விடையை மருந்தாளரிடம்தான் பெற வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்தாலும் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் தாயாருக்கு இதே முறையில் ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். நான் என்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு, ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும் போடுங்கள், மறக்கவே மறக்காது என்றேன். ஜனவரி 31 வரை எந்தத் தடங்கலும் இல்லை. பிப்ரவரி 1 அன்று காலையில் மாத்திரையை நீட்டியபோது, "நேற்றுத்தானே தின்னேன், இன்றைக்கு எப்படி வரும்?" என்று அம்மா கேட்டார். 31 நாள் உள்ள மாதம் ஆண்டில் ஏழு இருக்கிறது, அந்த ஏழு முறையும் ஒற்றைப்படைத் தேதி அடுத்தடுத்து இரண்டு நாள் வரும். இரட்டைப்படைத் தேதியைப் பிடித்தால் அதே இடத்தில் 30க்குப் பிறகு 2 வரை இடையில் இரண்டு நாள் வெறுமையாகிவிடும். ஏழு கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியும் இதற்கு உதவாது, ஏனெனில் இந்த வாரம் நிரப்பியதுபோல அடுத்த வாரம் நிரப்ப முடியாது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டு மாதத்திற்கும் முன்கூட்டியே வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுவதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

இரும்புச்சத்து மாத்திரையில் அந்த இடைவெளிக்கு ஒரு காரணமும் உண்டு. ஒருமுறை போட்டதும் உடலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறத்தாழ ஒரு நாள் வரை கூடியிருந்து, அடுத்து வரும் இரும்பைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. ஆகவே அடுத்தடுத்த நாளில் போடும் இரண்டாவது மாத்திரையிலிருந்து உடலில் சேரும் இரும்பு குறையலாம், அது வயிற்றையும் கலக்கலாம். வேறு மருந்துகளில் விளைவு இதைவிடக் கடுமையாகவும் இருக்கக்கூடும். ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் போட்டு வரிசையை நகர்த்துவதா, அந்த முறையை விட்டுவிடுவதா என்பதையும் அதே அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் தமிழில் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 'இரண்டு நாளைக்கு ஒருமுறை' என்று நீங்கள் சொன்னதை அவர் 'இரண்டு நாள் விட்டு' என்று எடுத்துக்கொண்டால் திங்களுக்குப் பிறகு வியாழனாகிவிடும். நம் ஊரில் மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணும்போது தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணுகிறோம், எனவே 'மூன்றாம் நாள்' என்பது அவருக்குப் புதன்கிழமை, மகனுக்கு வியாழனாக இருக்கலாம். 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்ற தொடரில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை, அதையே பயன்படுத்துங்கள்.

'ஃபோர்ட்நைட்' என்ற சொல் பதினான்கு இரவு என்பதிலிருந்து வந்தது. நாமோ வாய்ப்பழக்கத்தில் 'பதினைந்து நாளுக்கு ஒருமுறை' என்போம். பேச்சில் தீங்கில்லை, ஆனால் கைத்தொலைபேசியில் நினைவூட்டலை 15 நாள் என்று பதிந்தால் சனிக்கிழமை வகுப்பு அடுத்து ஞாயிற்றுக்கும் அதற்கடுத்துத் திங்களுக்கும் நகர்ந்துவிடும். இதைக்கூட முதல் தடவையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பள்ளியோடு தொடர்புடைய வகுப்பில் வரும் பிழைதான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

இங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் கால அட்டவணை ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று இரண்டாக இருக்கும். வாரங்களை ஒவ்வொரு தவணைக்கும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், ஒரு தவணைக்குப் பத்து வாரம். என் மகனின் வகுப்பு ஒற்றை வாரங்களில் என்று ஆசிரியர் மனத்தில் வைத்திருந்தார். எங்களிடம் 'ஃபோர்ட்நைட்லி' என்று மட்டும் சொன்னார். முதல் தவணையில் 1, 3, 5, 7, 9 ஆகிய வாரங்களில் வகுப்பு நடந்தது, நாங்கள் 14 நாள் என்று எண்ணியதும் அதோடு அப்படியே பொருந்தியது. பத்தாம் வாரத்துக்குப் பிறகு மார்ச் மாத விடுமுறை ஒரு வாரம். ஒன்பதாம் வாரத்திலிருந்து 14 நாள் எண்ணினால் அந்த விடுமுறை வாரத்தில் போய் நிற்கும், அங்கே வகுப்பில்லை என்பதால் மேலும் 14 நாள் தள்ளி இரண்டாம் தவணையின் இரண்டாம் வாரத்தில் மகனை அனுப்பினோம். ஆசிரியரின் கணக்கிலோ அது இரட்டை வாரம். வகுப்பு முந்தைய வாரமே முடிந்திருந்தது, பையன் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

ஜூன் விடுமுறையில் இந்தக் குழப்பம் வராது, ஏனென்றால் அது நான்கு வாரம், இரட்டைப்படை. மார்ச், செப்டம்பர் விடுமுறைகள் ஒரு வாரம் மட்டுமே என்பதால் அந்த இரண்டு இடங்களில் வரிசை புரண்டுவிடும். ஆகையால் உங்கள் மகனின் வகுப்பு பற்றி "அடுத்த வகுப்பு எப்போது?" என்று கேட்பதைவிட, "ஒரு வார விடுமுறை முடிந்த பின் முதல் வகுப்பு எந்தத் தேதி?" என்று கேளுங்கள். கட்டணம் எப்படி என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இடைவெளி இல்லாமல் இரு வாரத்திற்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 26, மாதம் இருமுறை என்றால் 24. ஏதோ ஒரு மாதத்தில் மூன்று வகுப்பு வந்து கூடுதலாகப் பணம் கேட்டால் யாரும் ஏமாற்றவில்லை, நீங்கள் ஒப்புக்கொண்டது எது என்பதுதான் கேள்வி.

ஏர்கான் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நம்மூர் மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்து பழகியதால் நமக்கு அந்தப் பொருளே முதலில் தோன்றும், இங்கும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும், ஏனெனில் வீட்டு ஏர்கானை மாதம் இருமுறை யாரும் கழுவுவதில்லை. ஆயினும் ஒப்பந்தத்தில் 'பைமன்த்லி' என்ற சொல்லுக்கு அருகில் ஆண்டுக்கு எத்தனை முறை வருவார்கள் என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 6 என்று இருந்தால் போதும். எண்ணே இல்லையென்றால், கையெழுத்திடும் முன் எழுதச் சொல்லி வாங்குங்கள். வீடு துடைக்க வரும் பகுதிநேரப் பணியாளரை ஏற்பாடு செய்யும்போது இதே சொல் வந்தால் இன்னும் கறாராகக் கேளுங்கள், அங்கே இரண்டு பொருளும் நடைமுறையில் சாத்தியம். "இந்த மாதம் இரண்டு முறை வருவீர்களா, இல்லை ஒருமுறை வந்துவிட்டு அடுத்த மாதம் வராமல் இருப்பீர்களா?" என்று கேட்டால் ஒரே பதிலில் தெரிந்துவிடும்.

இன்றிரவு அம்மாவின் மாத்திரை உறையை எடுத்து எத்தனை மீதமிருக்கிறது, எத்தனை போயிருக்கிறது என்று மனைவியோடு சேர்ந்து எண்ணிவிட்டு, நாளைக் காலை மருந்தகத்தை அழையுங்கள். இத்தனை நாள் வாரம் இருமுறை கொடுத்திருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையின் அளவைப் பார்க்கும்போது மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும், இல்லையென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி வேறு எதையாவது எழுதிவிடுவார்.