பெண்கள் கிரியேட்டின் எடுத்தால் எடை ஏறுமா? மாதவிடாய், எலும்பு விஷயத்தில் என்ன ஆகும்?

கிரியேட்டின் நம் உடலே தயாரிக்கும் பொருள். இறைச்சி, மீனிலும் இருக்கிறது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் கைகொடுப்பதுபோல, கனமான எடையைத் தூக்கும் முதல் சில நொடிகளில் தசைக்குச் சக்தி தருவது இதன் சேமிப்புதான். சைவ உணவுக்காரர்களிடம் அது குறைவு, அதனால் பலன் பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும்.

தினமும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும். தசையில் இதன் சேமிப்பு நிரம்ப 3, 4 வாரம் பிடிக்கும். மாதவிடாய் நாட்களிலும் நிறுத்த வேண்டாம்.

குழப்பம் வருவது எடை பார்க்கும்போது. கிரியேட்டின் தசைக்குள் நீரை இழுக்கும்; மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பலருக்கு உடலே நீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்ச் சுழற்சியின் 20ஆம் நாள் கிரியேட்டின் தொடங்கிய ஒருவர் 27ஆம் நாள் 55 கிலோ 56 ஆனதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுவார். ஒரு வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பு சேர 7,000 கலோரிக்கு மேல் மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்! சுழற்சியின் 7ஆம் நாள் எடையை அடுத்த மாத 7ஆம் நாளோடு ஒப்பிடுங்கள்.

எலும்புக்கு இதை மருந்தாக நம்பாதீர்கள். கனடாவில் மாதவிடாய் நின்ற 237 பெண்களிடம் 2 ஆண்டு நடந்த, 2023இல் வெளியான ஆய்வில் எலும்பு அடர்த்தி கூடவில்லை. தொடை எலும்புக் கழுத்தின் வடிவ உறுதி மட்டும் சற்று மேம்பட்டது. அவர்கள் எடைப்பயிற்சியும் செய்தவர்கள்.

சிறுநீரக நோய், கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு சற்று உயர்ந்து காட்டலாம். எடுப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆண்மாதிரி உடம்பாகிவிடும் என்பது தவறு: இது ஹார்மோனோ ஸ்டீராய்டோ அல்ல.