விடைபெறுவதை மேஜையிலேயே முடித்துவிடுங்கள்

கேள்வி: மேட்ரிமோனி மூலம் அறிமுகமான பெண்ணைக் காபி கடையில் முதல் முறையாகச் சந்தித்தேன். நன்றாகத்தான் பேசினோம். ஆனால் “சரி, கிளம்பலாம்” என்று எழுந்த பிறகு, பார்க்கிங்கில் 20 நிமிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். அடுத்த முறை எப்படி முடிப்பது?

பதில்: எழுந்திருக்கும்போது ‘அடுத்து என்ன’ என்பதை நீங்கள் இருவருமே சொல்லவில்லை. மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்ததுதான் அந்த 20 நிமிடம்.

உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று ஷெக்லோஃப், சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973-இல் விரிவாக எழுதினார்கள். முதலில் ஒருவர் “சரி…” என்று இழுத்து, தன்னிடம் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை என்று காட்டுவார். மற்றவரும் “சரி” என்றால்தான் விடைபெற வழி பிறக்கும். அந்த நேரத்தில் “உங்க ஆபீஸ் எங்க சொன்னீங்க?” என்று யாராவது கேட்டுவிட்டால், முடிக்கும் வேலை மறுபடி முதலிலிருந்துதான்.

அதனால் முடிவை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்ததும், “ஆறரை மணிக்குக் கிளம்பணும், அதுவரைக்கும் நிதானமா பேசலாம்” என்றால் போதும். முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் தாராளம். ஆறே கால் மணிக்கு பில்லைக் கேளுங்கள். அது வருவதற்குள், அன்று பேசியதில் மனதில் நின்ற ஒன்றைச் சொல்லுங்கள்: “உங்க பாட்டியைப் பத்தி நீங்க சொன்னது ரொம்பப் பிடிச்சுது.” வெறும் “நல்லா இருந்துச்சு” யாருக்கும் பொருந்தும், கவனித்துக் கேட்டதை இதுதான் காட்டும்.

பிறகு அடுத்தது. பிடித்திருந்தால், “மறுபடியும் சந்திக்கலாம்னு தோணுது, யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்காக முகத்தைப் பார்த்து நிற்காதீர்கள். தெளிவில்லை என்றால், “வீட்ல பேசிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்றேன்” என்று நாளைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால், “வந்ததுக்கு நன்றி” என்பதோடு நிறுத்துங்கள். கூப்பிடும் எண்ணம் இல்லாமல் “கூப்பிடுறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் உண்மையிலேயே காத்திருப்பார்.

பார்க்கிங் ஆபத்தான இடம்தான். விடைபெற்ற பிறகும் இருவரும் ஒரே பக்கம் நடக்க வேண்டியிருந்தால் சங்கடம் நிச்சயம். எழுவதற்கு முன்பே, “வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?” என்று கேட்டுவிடுங்கள். ஒரே பக்கம் என்றால், கடைசி வார்த்தையை வண்டிகள் வரை தள்ளிவையுங்கள். அவர் ஆட்டோவில் வந்திருந்தால், பில் கட்டும்போதே புக் செய்யச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை உட்கார்ந்தே பேசலாம். வாசலில் நின்றால்தான் பேச்சு வற்றும்.

கை கொடுப்பதா என்று குழம்ப வேண்டாம். அவர் கை நீட்டினால் கொடுங்கள். இல்லையென்றால் புன்னகையோடு தலையசைத்து, “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிக் கிளம்புங்கள். சொன்னதும் கால் நகர வேண்டும். நகராமல் நின்றால், மற்றவர் ஏதாவது பேசியே ஆக வேண்டியிருக்கும். நல்ல விஷயம் ஏதாவது அப்போது நினைவுக்கு வந்தால், இரவு “வீட்டுக்கு வந்தாச்சு” என்று அனுப்பும் மெசேஜில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.