சீருடைத் துணி: வாங்கும் முன் துவைத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பள்ளிச் சீருடையை மாற்றும் குழுவில் இருக்கிறேன். இப்போதுள்ள சட்டையில் பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. முழுப் பருத்தி வேண்டும் என்கிறார்கள் சில பெற்றோர். அது சுருங்கும், தினமும் இஸ்திரி போட வேண்டும், பாலியஸ்டர் கலந்ததே உழைக்கும் என்கிறார் துணி வியாபாரி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சட்டைக்கும் கால்சட்டைக்கும் ஒரே துணியை மனதில் வைத்துப் பேசினால் வழக்கு தீராது. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

உடம்போடு ஒட்டியிருப்பது சட்டை. பருத்தி இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் பாலியஸ்டர் மிகுந்த சட்டையில் வியர்வை தோலிலேயே தங்கிப் பிசுபிசுக்கிறது. பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்வதால், துவைத்த பிறகும் அக்குள் பகுதியில் வாடை நிற்கிறது. மறுபுறம், முழுப் பருத்தி மெதுவாக உலரும், கசங்கும். இரண்டே சட்டை வைத்திருக்கும் வீட்டில் ஈரம் காயாத சட்டை பெரிய தொல்லை.

என் தேர்வு, சட்டைக்குப் பருத்தி 60, பாலியஸ்டர் 40 கலந்த துணி. நெசவு சாதா நெசவாகவும், எடை சதுர மீட்டருக்கு 110 முதல் 130 கிராமாகவும் இருக்கட்டும். கடைகளில் அதிகம் காட்டப்படுவது இதற்கு நேர் தலைகீழாக, பாலியஸ்டர் 65, பருத்தி 35 உள்ள துணி. அதைக் கால்சட்டைக்கும் பாவாடைக்கும் ஒதுக்குங்கள். தரையில் உட்கார்ந்தும் பெஞ்சில் உரசியும் தேய்வது அவைதான். சரிவுக்கோடு தெரியும் ட்வில் நெசவில், 200 கிராம் அளவில் எடுத்தால் முட்டியும் இருக்கையும் தாங்கும்.

வியாபாரி சொல்லும் எடையை நீங்களே சரிபார்க்கலாம். 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, நகை எடை போடும் தராசில் வையுங்கள். 1.2 கிராம் காட்டினால் அது 120 கிராம் துணி. எடை போடுவதற்கு முன் துண்டைத் துவைத்து உலர்த்திவிடுங்கள். கஞ்சி ஏற்றிய துணி கடையில் கனமாகவும் விறைப்பாகவும் தெரியும். முதல் துவைப்பிலேயே கஞ்சி போய்விட்டால் மிஞ்சுவது சல்லடை.

அடுத்த சோதனைதான் முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள். மாதிரித் துணியில் அழியாத மையால் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, வீட்டில் வழக்கமாகத் துவைக்கும் முறையிலேயே மூன்று முறை துவைத்து, வெயிலில் உலர்த்தி அளந்து பாருங்கள். நீளவாக்கு, அகலவாக்கு இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியில் இழுபட்டே இருப்பதால் பெரும்பாலும் நீளம்தான் கூடுதலாகச் சுருங்கும். நீளம் 48.5 ஆகிவிட்டால் 3 சதவீதம் போயிற்று. 30 சென்டிமீட்டர் காலர் நீளவாக்கில் வெட்டப்பட்டிருந்தால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறையும், மேல் பொத்தான் கழுத்தை இறுக்கும். 2 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் துணியை நான் ஏற்கமாட்டேன். காலரின் உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணியும் வெளித்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் காலர் கொப்புளம் கொப்புளமாக உப்பும். எனவே தைத்த மாதிரிச் சட்டை ஒன்றையும் இதேபோல் துவைத்துப் பார்க்க வேண்டும்.

சாயத்துக்கு, அடர் நிறத் துண்டை வெள்ளைப் பருத்தித் துண்டோடு சேர்த்துத் தைத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்த நிறம் வேண்டாம். வெள்ளைச் சட்டைக்கு நீலப் பட்டி வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பட்டி சாயம் விட்டால் சட்டையே பாழ்.

கலவை விகிதத்தை எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நூல் கருகிக் கெட்டி மணியாக உருண்டால் பாலியஸ்டர் இருக்கிறது என்று மட்டும் தெரியும். விகிதத்துக்கு ஆய்வகச் சான்று கேளுங்கள்.

வெப்பத்தைத் தணிப்பதில் தையலுக்கும் பங்கு உண்டு. மார்புச் சுற்றளவைவிடச் சட்டை 10 சென்டிமீட்டராவது தளர்வாக இருந்தால் உள்ளே காற்றோட்டம் இருக்கும். சட்டைக்கு உள்ளே லைனிங் துணி வேண்டாம், கழுத்தில் டை வேண்டாம். கால்சட்டையின் கீழ் மடிப்பில் 5 சென்டிமீட்டர் விட்டால், பிள்ளை வளரும்போது பிரித்து இறக்கலாம். பை மூலைகளில் நெருக்கமான கட்டுத் தையல் போடச் சொல்லுங்கள், முதலில் கிழிவது அங்கேதான்.

துணியின் கலவை, எடை, சுருக்க வரம்பு மூன்றையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள். தேர்ந்தெடுத்த மாதிரியில் வியாபாரியின் கையொப்பம் வாங்கிப் பள்ளியில் வைத்திருங்கள். வந்திறங்கும் கட்டுகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவி, அதோடு ஒப்பிட்டு, மீண்டும் துவைத்து அளந்த பிறகு வெட்டக் கொடுங்கள்.