கொத்தமல்லித் தூள் பாக்கெட்: படத்தில் எழுத்துக்கு எவ்வளவு இடம்?

கேள்வி: தமிழும் ஆங்கிலமும் பின்னால் இன்டிசைனில் சேர்க்கப்போகிறோம். முகப்புப் படத்தில் எவ்வளவு இடம் விடணும்?

படம் எடுப்பதற்கு முன்பே பெயரை அடித்து அளந்துவிடுங்கள். முகப்பு 100 மி.மீ. அகலம், இருபுறமும் 8 விட்டால் மிச்சம் 84. அதில் 'கொத்தமல்லித் தூள்' நிறையும்படி வைத்து, 'த்'தின் புள்ளி உச்சியிலிருந்து 'தூ'வின் சுழி அடிவரை அளக்க வேண்டும். 20 மி.மீ. வருகிறது என்று வைப்போம். இடைவெளி 5, கீழே ஆங்கிலப் பெயர் 8. மொத்தம் 33, கொஞ்சம் கூடுதலாகவே வைத்து படத்தில் 40 மி.மீ. உயரம் வெறுமையாக, ஒரே நிறமாக விடச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஆங்கிலத்தை மட்டும் வைத்து அளந்தேன். அப்புறம் தமிழைக் குறுக்கியதில் புள்ளியெல்லாம் அச்சில் மையடைத்துப்போனது, மனசே ஆறவில்லை.

இன்டிசைனில் 'கொ'வின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றால் Adobe World-Ready Paragraph Composer-ஐத் தேர்ந்தெடுங்கள்.